இரண்டு காசும் ஒரு கிரேக்கச் சொல்லும்: பிரசங்கம் கட்டுரையாகிறது

என் பிரசங்கம் ஒன்றை ஆய்வுக்கட்டுரையாக்கி ஒரு பத்திரிகைக்கு அனுப்பியிருந்தேன். போன வாரம் மதிப்பீட்டாளர்களின் குறிப்பு வந்தது. 'பெரும் திருத்தத்துக்குப் பின் மறுபரிசீலனை' என்று எழுதியிருக்கிறார்கள். நிராகரிக்கவில்லை என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். அந்தத் தெம்பில்தான் இதை எழுதுகிறேன்.

பாறசாலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சபையில் காணிக்கை ஞாயிறன்று நான் செய்த பிரசங்கம் அது. மாற்கு 12-ல் விதவை போட்ட இரண்டு காசு. கையெழுத்தில் 14 பக்கம். முதலில் அதைச் சிவப்பு, நீலப் பென்சிலோடு வாசித்தேன். 'நாமும் கொடுப்போம்' போன்ற அழைப்புக்குச் சிவப்பு, வசனத்திலிருந்து வரும் ஆதாரத்துக்கு நீலம். பிடி அரிசி கொண்டுவரும் பாட்டியின் கதையை வெறுமனே விட்டேன். முடித்துப் பார்த்தால் நீலம் ஒரு பக்கம்கூடத் தேறவில்லை. சபையைக் கண்கலங்க வைத்த பாட்டி, மாற்கு என்ன சொல்கிறார் என்பதற்குச் சாட்சி ஆகமாட்டார். மனசில்லாமல்தான் எடுத்தேன்.

என்னைப் படுத்தி எடுத்தது மையக்கருத்துதான். 'விதவை எல்லாவற்றையும் கொடுத்தாள்' என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை. மறுக்க ஆளில்லாத வாக்கியத்தை வைத்து ஆய்வுக்கட்டுரை எழுத முடியாது. அதனால், 'இயேசு அவளைப் பாராட்டவில்லை, அவளுக்காக வருந்துகிறார்' என்று மாற்றினேன். 12:40-ல் வேதபாரகர் விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறார்கள். உடனே இந்த விதவை வருகிறாள். அடுத்த அதிகாரம் தொடங்கும்போதே ஆலயம் இடியும் என்கிறார். வலுவான வாதம் என்று நினைத்து அனுப்பிவிட்டேன்.

மதிப்பீட்டாளர் ஒருவர் நேராகவே கேட்டிருந்தார்: இதை அடிசன் ரைட் 1982-லேயே சொல்லிவிட்டாரே, 1991-ல் எலிசபெத் ஸ்ட்ரதர்ஸ் மால்பன் இந்தப் பகுதியைப் பல சூழல்களில் வைத்து வாசிக்க வேண்டும் என்று எழுதினாரே, இதில் உங்கள் பங்கு எது? நியாயமான கேள்வி. பிரசங்கத்தில் பழைய கருத்தைச் சொன்னால் யாரும் குறை சொல்வதில்லை. இங்கே முன்பு சொன்னவரின் பெயரைச் சொல்லி, அவரிடமிருந்து எங்கே விலகுகிறேன் என்றும் காட்ட வேண்டும்.

இரண்டு கட்டுரைகளையும் இறையியல் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் படமெடுத்து அனுப்பினார். களியக்காவிளை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து வாசித்தேன். பிறகு சொல்லடைவில் 'ஏழை' என்பதைத் தேடினேன். தமிழ் வேதாகமத்தை மட்டும் பார்த்தவரை ஒன்றும் பிடிபடவில்லை. கிரேக்கத்தில் தேடியதும்தான் கிடைத்தது. 'ப்டோகோஸ்' என்ற சொல் மாற்குவில் ஐந்தே முறை, மூன்றே காட்சிகளில் வருகிறது: 10:21, பிறகு 12:42, 43, பிறகு 14:5, 7. நம் பழைய மொழிபெயர்ப்பில் முதல் காட்சியிலும் கடைசிக் காட்சியிலும் 'தரித்திரர்', விதவைக்கு மட்டும் 'ஏழை'. ஒரே சொல் இரண்டானதால் மூன்று காட்சிக்கும் உள்ள தொடர்பு கண்ணுக்குத் தெரியவில்லை. என் பிரசங்கமே அந்தத் தமிழின்மேல் கட்டியதுதான்.

சரி, அந்த மூன்று காட்சிகளில் பணம் எந்தப் பக்கம் போகிறது? 10:21-ல் ஐசுவரியவான் விற்றுத் தரித்திரருக்குக் கொடுக்க வேண்டும். 14:5-ல் ஒரு பெண் இயேசுவின்மேல் ஊற்றிய தைலத்தை விற்றுத் தரித்திரருக்குக் கொடுத்திருக்கலாம் என்கிறார்கள். விதவையிடம் மட்டும் பணம் ஏழையின் கையிலிருந்து காணிக்கைப் பெட்டிக்குப் போகிறது. இப்போதைய மையக்கருத்து இது: 'மாற்குவில் ஏழையிடமிருந்து பணம் புறப்படும் ஒரே காட்சி இது, ஆகவே கண்டனம், அந்தப் பணத்தை வாங்கும் அமைப்பின்மேல், அவள்மேல் அல்ல.' இதை ஒருவர் மறுக்கலாம், வசனம் வசனமாகச் சோதிக்கவும் செய்யலாம்.

இடையில் ஒன்று: கிரேக்க எழுத்துக்கு SBL Greek எழுத்துருவைப் பயன்படுத்துங்கள். நான் முதலில் ஏதோ பழைய எழுத்துருவில் அடித்தேன், பத்திரிகை அலுவலகத்தில் அது கட்டம் கட்டமாகத் தெரிந்ததாம். இது முடிந்ததும் நெகேமியா 5-ம் அதிகாரப் பிரசங்கத்தை எடுக்கப் போகிறேன். நிலத்தை அடகு வைத்தவர்கள் கூக்குரலிடும் பகுதி. நீலப் பென்சிலுக்கு அதில் நிறைய வேலை இருக்கும்.

ஆனால் மாற்கு 14-ம் அதிகாரம் இன்னும் வழிவிடவில்லை. தரித்திரருக்குக் கொடுக்கலாமே என்றவர்களைத்தான் இயேசு கடிந்துகொள்கிறார். முந்நூறு பணத்துக்கு மேற்பட்ட தைலத்தை ஊற்றியவளைப் பாராட்டுகிறார். பணம் தரித்திரர் பக்கம் போகவே இல்லையே என்று மதிப்பீட்டாளர் கேட்பார். அவளை மாற்கு ஏழை என்று சொல்லவில்லை, 14:7-லும் அவர்களுக்கு நன்மை செய்யும் வழி திறந்தே இருக்கிறது என்று ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். மூன்று முறை மாற்றியாயிற்று. இரண்டாவது வாக்கியம் இன்னும் பிரசங்கமாகவே ஒலிக்கிறது. நாளைக்கு அதை மறுபடி எடுக்க வேண்டும்.