முகம் போனாலும் தோள் அவருடையதுதான்

விளம்பரத் தயாரிப்புப் பிரிவில் நான் வேலை பார்த்தபோது, மாடல்கள் கையெழுத்திடும் ரிலீஸ் படிவங்கள் என் மேசையைத் தாண்டித்தான் போகும். எந்தப் படிவத்தை எடுத்தாலும் ஒரு பத்தி ஏறக்குறைய அப்படியே இருக்கும். படத்தைத் திருத்தலாம், வெட்டலாம், வேறு படங்களோடு சேர்க்கலாம். முடிந்த விளம்பரத்தை முன்கூட்டியே பார்த்து ஒப்புதல் தரும் உரிமையை மாடல் கோரமாட்டார். பின்னணியை மாற்றுவதற்கும் பருவை அழிப்பதற்கும் இரண்டு படங்களை ஒட்டுவதற்கும் எழுதப்பட்ட பத்தி அது. முகத்தையே எடுத்துவிட்டு இன்னொருவரின் முகத்தை வைக்கவும் அது போதும் என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். போதாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏன் என்பதை ஒரு வேலையை வைத்தே சொல்கிறேன்.

தோலுக்குப் பூசும் க்ரீம் ஒன்றின் விளம்பரம். கையில்லாத உடையில் ஒரு பெண் தன் தோளில் க்ரீமைத் தடவியபடி திரும்பிப் பார்ப்பார். அவரோடு போட்ட ஒப்பந்தம் 1 ஆண்டுக்கு. அச்சிலும் இணையத்திலும் அந்த ஒரே பொருளுக்கு மட்டும். அந்த ஆண்டு முழுக்க வேறு எந்தத் தோல் பராமரிப்புப் பொருளுக்கும் அவர் நடிக்கக்கூடாது. காலம் முடியும் நேரத்தில் படத்தைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டுமானால் புதுப்பிப்புக் கட்டணம் தர வேண்டும். அப்போதுதான் அந்த பிராண்டின் குழுவிலிருந்து ஒரு யோசனை வந்தது. அதே பிராண்டின் ஷாம்பு விளம்பரத்தில் நடித்த இன்னொரு மாடலின் முகத்தை இதில் பொருத்திவிடலாம். முதல் மாடல் விளம்பரத்திலேயே இல்லை என்று ஆகிவிடும், கட்டணமும் மிச்சம். இருவரும் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்தானே என்றார்கள்.

படிவங்களை எடுத்துவைத்துப் படித்தேன். முதல் மாடலின் படிவத்தில் திருத்தும் அனுமதி தனியாக நிற்கவில்லை. அந்த 1 ஆண்டு உரிமத்துக்குள்தான் இருந்தது. காலம் முடிந்தால் படத்தைப் பயன்படுத்தும் உரிமையோடு திருத்தும் உரிமையும் போய்விடும். அதைவிட முக்கியமானது, தோல் க்ரீம் விளம்பரத்தில் நாம் விற்பது தோலைத்தான். அந்தத் தோளும் கழுத்தும் கையும் அப்படியே இருக்கின்றன. அவருடைய உழைப்பில் பெரும்பங்கு படத்தில் இருக்க, முகம் இல்லை என்பதற்காக அவரே இல்லை என்று எப்படிச் சொல்வது?

அடையாளம் தெரியுமா என்ற கேள்வியும் இருக்கிறது. பெரும்பாலான சட்டங்களில் வழக்கு அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கும். அவருடைய முழங்கைக்கு மேல் ஒரு தழும்பு இருந்தது. அதே உடை, அதே நிலை, அதே வெளிச்சத்தோடு அவர் முகம் இருந்த விளம்பரத்தை மக்கள் ஓராண்டாகப் பார்த்திருந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் தெரிந்துவிடும்.

சரி, அவருக்குக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா? எனக்கு அதிகக் கவலை தந்தது இரண்டாவது மாடலின் நிலைதான். பொதுவாக எல்லோரும் முகத்தை இழந்தவரைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். ஆனால் விளம்பரத்தைப் பார்ப்பவருக்குத் தெரியப்போவது முகம் தந்தவர் மட்டும்தான். அவர் போடாத உடையை அவர் போட்டதாகவும், நிற்காத நிலையில் நின்றதாகவும், தொடாத க்ரீமைப் பரிந்துரைப்பதாகவும் பார்ப்பவர் நம்புவார். அவர் கையெழுத்திட்டது ஷாம்புக்கு. படிவத்தில் பொருளின் பெயர் தெளிவாக இருந்தது.

அவருடைய ஏஜென்சியை அழைத்து, விஷயம் இன்னது என்று சொன்னேன். "அவங்க ஸ்லீவ்லெஸ் ஷூட் எதையும் ஒத்துக்கறதே இல்லையே சார், புக்கிங் நோட்டுல எழுதியே இருக்கே" என்றார் அங்கிருந்த ஒருங்கிணைப்பாளர். என்ன உடை அணிவார், எதைத் தொடமாட்டார், எந்தப் பொருளுக்கு நடிக்கமாட்டார் என்பதெல்லாம் புக்கிங் குறிப்பில்தான் இருக்கும். ரிலீஸ் படிவத்தோடு அது இணைக்கப்படுவதே இல்லை. ஸ்டுடியோவில் நேரில் நின்றால், அந்த உடையைப் பார்த்ததும் அவரே மறுத்துவிடுவார். அதனால் குறிப்பு இணைக்கப்படாதது பெரிய குறையாகத் தெரிந்ததில்லை. முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகும்போது மறுப்பதற்கு அங்கே ஆள் இல்லை. மேலும், அவர் வேறொரு தோல் பராமரிப்பு பிராண்டோடு பேச்சுவார்த்தையில் இருந்தார். நம் விளம்பரம் வெளியாகியிருந்தால், போட்டிப் பொருளுக்கு நடித்தவர் என்று அந்த வாய்ப்பே கைவிட்டுப் போயிருக்கும்.

இதில் இன்னொரு ஓட்டை கோப்பிலேயே இருக்கிறது. படக் கோப்புக்குள் உரிமைத் தகவல்களை எழுதிவைக்க Model Release Status, Model Release Id என்ற புலங்கள் உண்டு. முகத்தை மாற்றும்போது அடிப்படைப் படத்தின் தகவல்களே அப்படியே தொடரும். அதனால் புதிய கோப்பைத் திறந்தால் முதல் மாடலின் படிவ எண்தான் தெரியும். முகம் தந்தவரின் எண் எங்கேயும் இருக்காது. அடுத்து அதைக் கையாள்பவர் எண்ணைப் பார்த்து, அனுமதி இருக்கிறது என்று அச்சுக்கு அனுப்பிவிடுவார். முகம் மாற்றிய கோப்பு எது வந்தாலும், இரண்டு எண்களும் சேரும்வரை நிலையை 'Limited or Incomplete Model Releases' என்று மாற்றிவைப்பதை அன்றிலிருந்து வழக்கமாக்கினேன்.

எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் ஒருவரின் உருவத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்பது நியூயார்க் மாநிலத்தில் நூறாண்டுக்கும் மேலாக இருக்கும் சட்டம். 2025 ஜூனில் அங்கே நடைமுறைக்கு வந்த ஃபேஷன் தொழிலாளர் சட்டம் இன்னும் ஒரு படி போகிறது. மாடலின் டிஜிட்டல் பிரதியை உருவாக்கவோ பயன்படுத்தவோ தனியான சம்மதம் வேண்டும். எதற்கு, எந்த அளவுக்கு, எவ்வளவு காலம், என்ன ஊதியம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நிறத்தைச் சரிசெய்வது, சிறு ரீடச்சிங் போன்ற வழக்கமான திருத்தங்களை அது இதில் சேர்ப்பதில்லை. அந்தக் கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பருவை அழிப்பது ஒரு பக்கம், ஆளை மாற்றுவது மறுபக்கம். பழைய படிவத்தின் அந்தப் பத்தி இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டியிருந்தது.

கடைசியில் முகம் தந்திருக்க வேண்டிய மாடல் மறுத்துவிட்டார். அவரிடம் யாரும் மறுபடி கேட்கவில்லை, கேட்க விடவும் இல்லை. முதல் மாடலிடம் மூன்று வழிகளையும் சொன்னோம்: முழுக் கட்டணத்தோடு அதே படம், ஒரு தனிக் கட்டணத்துக்குத் தன் முகம் இல்லாமல் உடல் மட்டும், அல்லது படத்தை நிறுத்துவது. அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து இரண்டு நிபந்தனைகள் வைத்தார். தழும்பை அழித்துவிட வேண்டும். முகம் இல்லாத காலத்தில் போட்டிப் பொருளுக்கு நடிக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு தனக்கு இருக்கக்கூடாது. இரண்டாவது நிபந்தனையை பிராண்ட் எதிர்த்தது. அவரை யாருக்கும் தெரியக்கூடாது என்று நீங்களே கேட்கும்போது, அவர் உங்களுக்கு மட்டும்தான் என்று எப்படிக் கட்டிப்போடுவீர்கள் என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார்கள்.

முகத்துக்குப் புதிய மாடல் ஒருவர் வந்தார். முடிந்த விளம்பரத்தின் மாதிரியை முதலில் அவருக்குக் காட்டினோம். எந்த உடலோடு தன் முகம் சேரப்போகிறது என்பதைப் பார்த்த பிறகுதான் அவர் கையெழுத்திட்டார். அதே பக்கத்திலிருந்து வெளிச்சம் வைத்து அவர் முகத்தைப் புதிதாகப் படமெடுத்தோம். பழைய படத்தையும் புதிய முகத்தையும் எடுத்த புகைப்படக் கலைஞர்கள் இருவரிடமும் தனித்தனியாக அனுமதி வாங்கினோம். மாடலின் சம்மதம் வேறு, படத்தின் பதிப்புரிமை வேறு. புதிய மாடலின் ஒப்பந்தத்தில் அவரே கேட்டுச் சேர்த்த ஒரு வரியும் இருக்கிறது: காலம் முடிந்த 30 நாட்களுக்குள் தன் முகம் இருக்கும் லேயர் கோப்புகளை அழித்துவிட்டு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ரீடச்சிங் ஸ்டுடியோவும் அதில் மூன்றாவது ஆளாகக் கையெழுத்திட்டது, ஏனென்றால் அந்தக் கோப்புகள் உண்மையில் இருந்தது அவர்களுடைய கணினியில்தான்.