ஐ வந்தால்

நவம்பர் 2, ஞாயிறு

டியூஷன் பையனின் அப்பா செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று பேசிவிட்டுப் போனார். “ஆகஸ்ட்ல பதிமூணு. இப்பவும் பதிமூணு. என்ன டீச்சர் இது?” கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் உறுத்துகிறது. கடையை மூடிவிட்டு வீடு சேரப் பத்து மணி ஆகிறதாம். “எழுதிக் குடுத்துடுங்க, ராத்திரி பொறுமையாப் படிச்சுக்கறேன்.”

எழுத வேண்டும். அம்மாவுக்குச் சொட்டு மருந்து, எட்டு மணிக்கு.

நவம்பர் 3

மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி நாலு வரி எழுதினேன். ‘கவனக்குறைவு’ என்ற சொல் மட்டும் மூன்று இடத்தில் வந்திருந்தது. கிழித்துவிட்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

கிழித்தது நல்லதாகப் போயிற்று. நான்கு தேர்வுத் தாள்களையும் தரையில் பரப்பி வைத்து, தவறுகளை மட்டும் தனியே ஒரு தாளில் எழுதினேன். எல்லாம் இருபது மதிப்பெண் தாள்கள், வல்லினம் மிகும் மிகா இடங்கள். 13, 12, 13, 13. ஆக மொத்தம் 29 தவறுகள்.

அவற்றில் 18 ஒரே முகம். வேலைத் தேடினான். விலைக் கேட்டான். கவிதைப் படித்தாள். இலைப் போட்டார்கள். இன்னும் ஆறு, ‘செய்துப் பார்த்தான்’ வகை. மீதி ஐந்துதான் அங்கொன்றும் இங்கொன்றும்.

இந்த 24 இடத்திலும் அவன் ஒற்றைக் கூடுதலாகப் போட்டிருக்கிறான். போட வேண்டிய இடத்தில் விட்டது ஒன்றுகூட இல்லை. கவனமில்லாத பிள்ளை சில இடத்தில் போடுவான், சில இடத்தில் விடுவான். இவன் அப்படி இல்லை. ஏதோ ஒரு விதியை நம்பி, அதை உண்மையாகக் கடைப்பிடிக்கிறான்.

அந்த விதி யார் கொடுத்தது என்று யோசித்துக்கொண்டே மாலை மருந்தை மறந்துவிட்டேன். அம்மா எதுவும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நவம்பர் 5

நான்தான் கொடுத்தது.

நவம்பர் 6, வியாழன்

ஜூலையில் நான் சொன்னது அப்படியே அவன் நோட்டில் சிவப்பு மையில் இருக்கிறது: ‘ஐ வந்தா ஒட்டு.’ இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக வந்தால் வல்லினம் மிகும் என்பதைத்தான் சுருக்கினேன். புத்தகத்தைப் படித்தான், கதவைத் தட்டினான். அந்த மாதம் நான் கொடுத்த பயிற்சித் தாள் முழுக்க இந்த வகைதான், அதனால் ஜூனில் ஏழாக இருந்தது ஆகஸ்டில் பதிமூன்று ஆயிற்று. அப்பாவுக்கு அல்வா வாங்கிக் கொடுத்தானாம்.

ஆனால் ‘வேலை’யில் உள்ள ஐ உருபு இல்லை. அது அந்தச் சொல்லின் சொந்த எழுத்து. ‘வேலை தேடினான்’ என்றால் ‘வேலையைத் தேடினான்’ என்று பொருள். உருபு மறைந்து நிற்கிறது, இரண்டாம் வேற்றுமைத் தொகை, அதனால் மிகாது. ‘வேலைத் தேடினான்’ என்று எழுதினால் வேல் என்ற ஆயுதத்தைத் தேடினான் என்று ஆகிவிடும். ஊரில் பட்டதாரிகள் எல்லாரும் முருகனின் வேலைத் தேடி அலைகிறார்கள், இவன் கணக்குப்படி. தனியாகச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் பழைய கட்டிலிருந்து ஜூன் மாதத் தாளையும் எடுத்துப் பார்த்தேன். எந்த விதியும் தெரியாமல் ஏழு மதிப்பெண் வாங்கிய தாள். அதில் ‘வேலை தேடினான்’ சரியாக எழுதியிருக்கிறான். பேச்சில் ‘வேல தேடுறான்’ என்று அழுத்தாமல்தானே சொல்கிறோம்! காதால் கேட்டதை எழுதியிருக்கிறான். தெரிந்திருந்ததை நான் பிடுங்கிவிட்டேன்.

நவம்பர் 7

இதைக் கடிதத்தில் எழுதலாமா? எழுதினால் டியூஷனை நிறுத்திவிடுவாரோ? இந்த மாதம் சொட்டு மருந்துக்கே எவ்வளவு ஆகிறது.

நவம்பர் 8, சனி

எழுதிவிட்டேன். இங்கேயும் படியெடுத்து வைக்கிறேன்.

‘மதிப்பிற்குரிய ஐயா,

மதிப்பெண் ஏறாததற்கு அவன் காரணம் இல்லை. ஜூலையில் நான் சுருக்கிச் சொல்லிக் கொடுத்த ஒரு விதியை, பொருந்தாத இடத்திலும் அவன் பயன்படுத்துகிறான். நான்கு தேர்வில் 29 தவறு, அதில் 18 இந்த ஒன்றால் வந்தவை. தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன், சிவப்பில் வட்டமிட்டவற்றை மட்டும் பாருங்கள்.

இனி மூன்று வாரத்துக்குப் புதிய விதி எதுவும் நடத்த மாட்டேன், தேர்வும் வைக்க மாட்டேன். தினம் பத்துத் தொடர்கள் கொடுப்பேன். இதுவரை ஒரு நாளுக்கு ஒரு வகை என்று கொடுத்தேன், அதனால் யோசிக்காமலே விடை சொல்ல முடிந்தது. இனி எல்லாம் கலந்து வரும். கவிதை படித்தாள், கவிதையைப் படித்தாள், கவிதைப் புத்தகம் மூன்றும் ஒரே தாளில் இருக்கும். முதலில் அவன் வாய்விட்டுப் படிக்க வேண்டும். பிறகு முதல் சொல்லைத் தனியே எடுத்து, கடைசியில் உள்ள ஐ சொல்லின் சொந்த எழுத்தா, வந்து ஒட்டியதா என்று பார்க்க வேண்டும். புத்தகத்தை என்பதில் ஐயை எடுத்தால் புத்தகம் கிடைக்கும், ஆகவே ஒட்டியது. கவிதை என்பதில் எடுத்தால் எதுவும் கிடைக்காது. வேலை போன்ற சில சொற்கள் இரண்டு விதமாகவும் பிரியும், அங்கே பொருளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சொந்த ஐ என்றால், அடுத்து வருவது வினையா பெயரா என்றும் கேட்க வேண்டும். விடைக்கு அரை மதிப்பெண், காரணத்துக்கு அரை மதிப்பெண்.

காது எல்லா இடத்திலும் உதவாது. ‘அழியாப் புகழ்’ போன்றவற்றை யாரும் வீட்டில் பேசுவதில்லை, அவற்றை விதியாகத்தான் படிக்க வேண்டும். அதையும் ‘செய்து பார்த்தான்’ வகையையும் அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வாரம் மதிப்பெண் இறங்கும். கண்ணை மூடிக்கொண்டு சரியாகப் போட்ட இடத்திலும் இப்போது தயங்குவான். அந்த வாரம் மட்டும் அவனிடம் மதிப்பெண் கேட்க வேண்டாம்.’

‘நான் சுருக்கிச் சொல்லிக் கொடுத்த’ என்பதை இரண்டு முறை அடித்து இரண்டு முறை திரும்ப எழுதினேன். அச்சு மாதிரி கையெழுத்து என்று பள்ளியில் பெயர் வாங்கியவள் நான்!

நவம்பர் 9

பையன் கையில் உறையைக் கொடுத்தனுப்பினேன். பிரித்துப் பார்ப்பான் என்று தெரியும். பார்க்கட்டும்.

நவம்பர் 10

பதில் இல்லை. மழை.

நவம்பர் 11, செவ்வாய்

பதில் இல்லை. பையன் வந்தான், வழக்கத்தைவிட மரியாதையாக உட்கார்ந்தான். படித்திருக்கிறான்.

அம்மாவுக்கு இடது கண் தெளிந்துவிட்டது. சுவரில் உள்ள நாள்காட்டியைப் படித்துக் காட்டினாள், நல்ல நேரம் வரை.

நவம்பர் 12

இரவு பதினொன்றே காலுக்கு அப்பாவிடமிருந்து குரல் செய்தி. பின்னால் தட்டு கழுவும் சத்தம். “டீச்சர், லெட்டர் படிச்சேன். ரெண்டு தடவ. சரி, நீங்க சொன்னபடியே பண்ணுங்க. ஒரு சந்தேகம். கடை வாசல்ல ‘வேலைத் தேடுவோர் உள்ளே வரவும்’னு போர்டு எழுதி வச்சிருக்கேன். நாலு வருஷமா இருக்கு. அது…” அத்துடன் செய்தி முடிந்துவிட்டது.

என்ன பதில் போடுவது என்று தெரியாமல் படுத்துவிட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

முதல் கலப்புத் தாள். பத்துக்கு நாலரை.

‘வேலை தேடினான்’ சரி. காரணமும் சரி: ‘சொந்த ஐ, உருபு ஒளிஞ்சிருக்கு’. ஒளிஞ்சிருக்கு என்பதைத் திருத்தவில்லை. ‘கவிதைப் புத்தகம்’ விடை சரி, காரணம் காலி.

ஆனால் ஏழாவது தொடரில் ‘புத்தகத்தை படித்தான்’ என்று எழுதியிருக்கிறான். ப் இல்லை. ஜூலைக்குப் பிறகு அவன் விட்ட முதல் ஒற்று. ஏன் விட்டாய் என்று கேட்டேன். “பயமா இருந்துச்சு மிஸ்.”

இறங்கும் என்று எழுதியவளே நான்தான். இருந்தாலும்

அலாரம் அடிக்கிறது. மருந்து.