மசக்கையும் மேல் முன்பற்களும்

ஜூன் 3, 2025, செவ்வாய்

பத்தாவது வாரம் நடக்கிறது. எழுந்ததும் ஒரு வாந்தி, இட்லி உள்ளே போனதும் ஒன்று, சில நாள் சாயங்காலமும். ஒவ்வொரு தடவையும் வாயில் நிற்கிற புளிப்பும் நாற்றமும் பொறுக்காமல் அப்படியே பேசினில் நின்றபடி பிரஷ்ஷை எடுத்து நன்றாக அழுத்தித் தேய்த்துவிடுவேன், அப்போதுதான் வாய் என்னுடையது மாதிரி இருக்கும். ஒரு மாதமாக இப்படித்தான், நாளைக்கு மூன்று நான்கு தடவை.

நான்கைந்து நாளாக மேல் முன்பற்கள் கூசுகின்றன. பானைத் தண்ணீருக்கே கூசுகிறது. "வயித்துப் புள்ளைக்கு எலும்பு வேணும்ல, உன் பல்லுல இருந்துதான் சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்குது" என்று அம்மா சொல்கிறார்கள். வியாழக்கிழமை பல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

டாக்டர் சின்னக் கண்ணாடியை மேல் முன்பற்களுக்குப் பின்னால் வைத்து, கைக்கண்ணாடியை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அண்ணத்தைப் பார்த்த பக்கம் வழவழவென்று மெழுகு தடவினாற்போல் மின்னியது. வாந்தியில் முதலில் அடிபடுகிற இடம் இதுதானாம். வயிற்றிலிருந்து வருவது நாக்கின் மேலாக ஓடி மேல் முன்பற்களின் உள்பக்கத்தில் மோதுகிறது. கீழ்ப்பற்களை நாக்கு மறைத்துக்கொள்கிறது, எச்சில் சுரப்பிகளும் அங்கே பக்கத்திலேயே இருக்கின்றன, அதனால் அவை பெரும்பாலும் தப்பிக்கின்றன.

குழந்தை பல்லிலிருந்து சத்தை எடுக்கிறது என்பது உண்மையில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பல்லுக்குள் இருக்கும் கால்சியத்தை உடம்பு அப்படி இழுத்துக்கொள்ளாது. கரைப்பது வயிற்று அமிலம், அதற்கு நான் கைகொடுத்திருக்கிறேன்.

அவர் சொன்ன கணக்கு இது. பிஎச் என்ற எண் குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று அர்த்தம். வாயில் அந்த அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் வெளி ஓடான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைய ஆரம்பிக்கும். வயிற்று அமிலம் 1-லிருந்து 2 வரை, எலுமிச்சைச் சாறும் கோலாவும் 2, 2.5 பக்கம். எனாமல் உடம்பிலேயே மிகக் கெட்டியான பொருள், ஆனால் அமிலம் பட்ட சில நிமிடங்களில் அதன் மேல் தோல் மாதிரியான மிக மெல்லிய படலம் மட்டும் இளகி நிற்கும். அந்தப் படலம் அந்த நேரத்தில் இன்னும் போகவில்லை, பல்லோடு ஒட்டித்தான் இருக்கிறது. விட்டுவைத்தால் எச்சில் அமிலத்தை மட்டுப்படுத்தி, தன்னிடமுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் அதற்குள் திரும்ப ஏற்றும். அந்த நேரம் பார்த்து பிரஷ்ஷும் பேஸ்ட்டில் உள்ள தேய்ப்புத் தூளும் பட்டால், திரும்பக் கெட்டியாக வேண்டியது வழித்துக்கொண்டு போய்விடுகிறது. காய்ந்த அரிசியை நகத்தால் ஒன்றும் செய்ய முடியாது, ஊறின அரிசியை அழுத்தினாலே மாவாகும், அப்படி நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். போன எனாமல் மறுபடி முளைக்காது. அதை உண்டாக்கின செல்கள் பல் வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன.

இத்தனை நாள் சுத்தம் என்று நினைத்து எதைச் செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

ஜூன் 6, வெள்ளி

அவர் சொன்னபடி இன்று செய்தது. நேற்றே பேசின் பக்கத்தில் ஒரு டம்ளரும் சமையல் சோடா டப்பாவும் வைத்துவிட்டேன். வாந்தி வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சோடா கலந்து, வாய் முழுக்க ஓட்டி, மேல் பற்களின் உள்பக்கம் படும்படி தலையைச் சாய்த்துக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். விழுங்கக் கூடாது, அதில் சோடியம் அதிகம். சோடா கையில் இல்லையென்றால் வெறும் தண்ணீரே போதும், இரண்டு மூன்று வாய். அப்புறமும் நாற்றம் பொறுக்கவில்லையென்றால் பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட்டை விரலில் எடுத்து, தேய்க்காமல், பற்களின் மேல் பூசிவிட்டுத் துப்பலாம். நாக்கை மட்டும் ஈரத்துணியால் மெதுவாக வழித்தேன், பாதி நாற்றம் அங்கேதான் இருந்திருக்கிறது.

பிரஷ் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து. அதிலும் ஒரு விஷயம் சொன்னார்: ஒரு மணி நேரத்தில் பல் பழைய கெட்டிக்கு முழுதாகத் திரும்பிவிடும் என்று நம்பிவிடாதீர்கள், ஓரளவுதான் திரும்பும், அதனால் அப்போதும் மென்மையான பிரஷ், லேசான கை. காலையில் அடுத்தடுத்து வாந்தி வருகிறவளுக்கு அந்த ஒரு மணி நேரமே கிடைப்பதில்லை என்றேன். அப்படியானால் காலைப் பல்துலக்கலைப் பத்து மணிக்குத் தள்ளிவிடுங்கள், ராத்திரித் துலக்கலை மட்டும் தவறவிடாதீர்கள் என்றார்.

பத்தே காலுக்குத் துலக்கினேன். குழந்தைகளுக்கான சின்னத் தலை பிரஷ் வாங்கியது நல்லதாகப் போயிற்று, கடைவாய்ப் பக்கம் போனாலும் குமட்டவில்லை.

ஜூன் 9, திங்கள்

குமட்டலுக்கு அம்மா எலுமிச்சையை உப்பு தொட்டு நறுக்கிக் கொடுப்பார்கள், நான் பாதி நாள் வாயில் அடக்கிக்கொண்டே இருப்பேன். புளி, மாங்காய்க் கீற்று வேறு. டாக்டர் அதைக் கேட்டதும்தான் முகத்தைச் சுளித்தார். உள்ளிருந்து ஒரு அமிலம், வெளியிலிருந்து ஒரு அமிலம், நடுவில் எச்சிலுக்கு மூச்சு விட நேரமே இல்லை. ஒரே மூச்சில் குடித்து முடிப்பதைவிட வாயில் அடக்குவதும் துளித்துளியாய் உறிஞ்சுவதும்தான் பல்லுக்கு மோசமாம். இப்போது எலுமிச்சையைத் தோலோடு கசக்கி மோந்து பார்க்கிறேன், குமட்டலுக்கு அதுவே கேட்கிறது. மாங்காய் ஆசையை விட முடியவில்லை, சாப்பாட்டோடு சேர்த்துத் தின்றுவிட்டுத் தண்ணீரில் கொப்பளிக்கிறேன்.

அப்பா விஷயமும் இதில் வந்தது. வருடக்கணக்காகக் காலை ஆறு மணிக்கு வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து தேனோடு குடித்துவிட்டு உடனே பல் துலக்குவார், அதுவும் சொரசொரப்பான பல்பொடியை விரலில் எடுத்து. அவருக்குக் காத்திருக்கவெல்லாம் பொறுமை கிடையாது. "வரிசையை மாத்திக்கோங்கப்பா, முதல்ல பல்லு, அப்புறம் எலுமிச்சை" என்றேன். பொடியையும் விடச் சொல்லியிருக்கிறேன், கரித்தூள் கலந்த பேஸ்ட்டும் வேண்டாம். இன்று காலை பிரஷ்ஷோடு நின்றார்.

ஜூன் 17, செவ்வாய்

கூச்சம் முன்பைவிடக் குறைவு. வாந்தி அப்படியேதான். போன வாரம் டாக்டர் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசினார், கர்ப்பத்தில் பூசலாமா என்று பயந்தேன், தாராளமாகப் பூசலாம் என்றார்.

ஒரு எச்சரிக்கையை எழுதி வைக்க வேண்டும். தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல், சிறுநீர் குறைந்து கெட்டியாகப் போனால் அது பல் சமாச்சாரம் இல்லை, மகப்பேறு டாக்டரிடம் உடனே ஓட வேண்டும். உடம்பு வறண்டால் எச்சிலும் வறளும், பல்லுக்கு இருக்கிற ஒரே காவலும் போய்விடும்.

ஜூன் 28, சனி

ராத்திரி இரண்டு மணிக்கு வாந்தி. தூக்கத்தில் எச்சில் மிகக் குறைவாகச் சுரக்கும், அந்த நேரம் வரும் அமிலம் பல்லில் தங்கிவிடும் என்பது நினைவிருந்ததால் தூக்கக் கலக்கத்திலும் சோடாத் தண்ணீரில் இரண்டு தடவை கொப்பளித்து, விரலால் பேஸ்ட் பூசி, துப்பிவிட்டுப் படுத்தேன். கை பழக்கத்தில் பிரஷ்ஷை நோக்கிப் போனது, அம்மா பின்னால் நின்றுகொண்டு "ஏண்டி, டாக்டர் என்ன சொன்னாங்க" என்று பிரஷ்ஷை எடுத்து மேல் தட்டில் வைத்துவிட்டார்கள். காலை பத்தரைக்குத்தான் துலக்கினேன். பானைத் தண்ணீர் கூசவில்லை.