திரும்பி வராத காலி பாட்டில்களும் முடிய மறுத்த ஆண்டுக் கணக்கும்

ஆடிட்டர் கையெழுத்து போட்டுவிட்டார். விற்பனை, சம்பளம், ஜிஎஸ்டி எல்லாம் சிக்கலில்லாமல் போனது. கடைசிவரை கழுத்தைப் பிடித்தது காலி பாட்டில்தான். கண்ணாடி பாட்டிலில் குளிர்பானம் அடைத்து, டெபாசிட் வாங்கிக்கொண்டு அனுப்பும் சிறிய கம்பெனிகள் தென்மாவட்டங்களில் இன்னும் இருக்கின்றன. அப்படி ஒன்றில் சென்ற வருடம் கணக்குப் பொறுப்புக்குச் சேர்ந்தேன். இதே வேலையில் இருப்பவர்கள் மார்ச் 31க்கு முன்பே பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பாட்டில் 200 மில்லி. ஒரு கிரேட்டுக்கு 24. டீலரிடம் வாங்கும் டெபாசிட் பாட்டிலுக்கு 10 ரூபாய், பிளாஸ்டிக் கிரேட்டுக்கு 60 ரூபாய், ஆக 300. பல வருடங்களாக மாறாத தொகை இது. ஆனால் புது பாட்டில் இன்று எங்களுக்கு 14 ரூபாய்க்கு வருகிறது, கிரேட் 240 ரூபாய். 576 ரூபாய்ச் சாமானை 300 ரூபாய் டெபாசிட்டில் வெளியே அனுப்புகிறோம். காலி கிரேட்டைத் தக்காளி அடுக்க வைத்துக்கொண்ட கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு அது மலிவு.

ஆடிட்டர் கேட்டது ஒரே ஒரு தாள்: பாட்டில்களின் எண்ணிக்கைக் கணக்கு. ரூபாய் வேண்டாம், எண்ணிக்கை மட்டும். எழுதிப் பார்த்தால் இப்படி வந்தது. வருட ஆரம்பத்தில் பிளாண்டிலும் சந்தையிலும் சேர்த்து 2,00,000. புதிதாக வாங்கியது 60,000. உடைசல் ரிஜிஸ்டர்படி உடைந்தது 22,000. மார்ச் கடைசியில் பிளாண்டில் எண்ணியது, நிறைந்ததும் காலியும் சேர்த்து, 70,000. அப்படியானால் 1,68,000 பாட்டில் டீலர்களிடம் இருக்க வேண்டும். ஆனால் டெபாசிட் லெட்ஜரில் பாட்டில் பங்கு 13,20,000 ரூபாய்தான், அதாவது 1,32,000 பாட்டில். மீதி 36,000 பாட்டில் பிளாண்டிலும் இல்லை, டெபாசிட்டிலும் இல்லை.

பண லெட்ஜரை மட்டும் பார்த்தால் இந்த ஓட்டை கண்ணில் படவே படாது. டெபாசிட் வரவு, திருப்பிக் கொடுத்த செலவு, நிலுவை எல்லாம் பைசா சுத்தமாக டேலி ஆகும். பாட்டிலை எண்ணிக்கையாக ஓட்டினால்தான் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை போதாது, மாதாமாதம் போட வேண்டிய கணக்கு இது.

முதல் துப்பு கிடைத்தது உடைசல் வியாபாரியின் எடைச் சீட்டில். உடைந்த கண்ணாடியை டன் கணக்கில் விற்கிறோம். சீட்டுகளைக் கூட்டினேன்: வருடத்துக்கு 9,300 கிலோ. எங்கள் பாட்டில் ஒன்று ஏறத்தாழ 300 கிராம். வகுத்தால் 31,000 பாட்டில். ரிஜிஸ்டரில் இருப்பதோ 22,000. இரவு ஷிப்டில் உடைவதை யாரும் எழுதுவதில்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது. கண்ணாடி பொய் சொல்லாது, எடைப் பாலத்துச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரே எச்சரிக்கை: வேறு கம்பெனி பாட்டில் கலந்து வந்து நாம் உடைத்துப் போட்டதும் அந்த எடையில் இருக்கும். நாங்கள் அதைத் தனிக் குவியலாக வைப்பதால் தப்பித்தோம். ஆக 9,000 பாட்டிலுக்குக் கணக்கு கிடைத்தது.

அடுத்தது கோடைச் சரக்கு. ஏப்ரல், மே மாதங்களில் விற்பனை ஆட்கள் டெபாசிட் வாங்காமலே டீலர்களுக்கு 625 கிரேட் கூடுதலாக இறக்கியிருக்கிறார்கள். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று டிரைவர் கையில் ஒரு துண்டுச் சீட்டு, அவ்வளவுதான். 15,000 பாட்டில். இதற்கு டீலர்களிடம் ஒப்புதல் கடிதம் வாங்க அலைந்ததுதான் இந்த வேலையிலேயே கசப்பான பகுதி. சங்கரன்கோவில் பக்கம் ஒரு டீலர், போனில் வரச் சொல்லிவிட்டு, போனபோது கடையில் இல்லை. அவர் மகன் எங்கள் கிரேட்டின் மீது உட்கார்ந்துகொண்டே, "அப்பாவுக்குத்தான் தெரியும் சார், எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றான். இன்னொருவர் நல்ல மனிதர். "கிரேட் எங்கிட்டதான் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா கையெழுத்துப் போட்டா நாளைக்கே டெபாசிட் கேப்பீங்கல்லா தம்பி?" என்றார். "ஆமா அண்ணாச்சி, கேப்போம். ஆனா இப்போ போடலேன்னா இனி லோடு ஏறாது" என்றேன். போட்டார்.

கடைசியில் 460 கிரேட்டுக்குக் கடிதம் கிடைத்தது. அதற்கான 1,38,000 ரூபாயை டீலர் பெயரில் பற்று எழுதி, டெபாசிட் கணக்கில் வரவு வைத்தோம். விற்பனையில் அல்ல. அது திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். 165 கிரேட் எங்களுக்கு வரவே இல்லை என்று மறுத்துவிட்டார்கள். கிட்டத்தட்ட 4,000 பாட்டில் போயிற்று.

மிச்சம் இருந்த 12,000க்குச் சீட்டே இல்லை. காலி வண்டி வந்து நிற்கும் இடத்தில் நின்று பார்த்தபோது காரணம் புரிந்தது. லோடுமேன் கிரேட்டை எண்ணுகிறார், பாட்டிலை எண்ணுவதில்லை. அடுக்கின் நடுவில் இரண்டு குழி காலியாக இருந்தாலும், அல்லது யாரோ ஒருவரின் பாட்டில் செருகியிருந்தாலும், டீலருக்கு முழு 300 ரூபாய் கழிந்துவிடுகிறது. 100 கிரேட்டைத் தரையில் இறக்கி எண்ணச் சொன்னேன். 31 பாட்டில் குறைந்தது. வருடத்துக்கு எங்களுக்குத் திரும்புவது சுமார் 40,000 கிரேட், அந்த விகிதத்தில் 12,000 சொச்சம் வருகிறது. ஆடிட்டர் ஏற்றுக்கொண்டார். இந்த நஷ்டத்தில் கொடுமை என்னவென்றால், டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டே பாட்டிலை இழந்திருக்கிறோம்.

இனி அடக்க விலை. எனக்கு முன்பு இருந்தவர்கள் ஒரு பாட்டில் 40 சுற்று வரும் என்று வைத்து, 14 ரூபாயை 40ஆல் வகுத்து, ஒரு நிரப்புக்கு 35 பைசா போட்டு வந்திருக்கிறார்கள். அந்த 40 எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. இந்திய அடக்கக் கணக்குத் தரநிலைகளில் பேக்கிங் பொருளுக்கானது சிஏஎஸ் 9. திரும்பப் பயன்படும் பேக்கிங்கின் செலவை, எத்தனை முறை அல்லது எவ்வளவு காலம் பயன்படும் என்பதை வைத்துப் பிரிக்கச் சொல்கிறது அது. அந்த எண்ணிக்கையை ஊகிக்கத் தேவையில்லை, இழப்பிலிருந்தே எடுக்கலாம். வருடத்தில் நிரப்பியது 9,60,000. இழந்தது 31,000 உடைசல், 12,000 குறைவு, 4,000 மறுப்பு, ஆக 47,000.

இதில் 5,000 பாட்டிலைத் தனியே எடுக்க வேண்டியிருந்தது. மே மாதம் கழுவும் மெஷினில் இடைநிலை வெந்நீர்த் தொட்டியின் ஹீட்டர் கெட்டுப்போனது. சூடான காஸ்டிக் தொட்டியிலிருந்து வந்த பாட்டில் நேராகப் பச்சைத் தண்ணீரில் விழுந்தது. இந்த வகைக் கண்ணாடி திடீரென்று 40 டிகிரிக்கு மேல் இறங்கினால் தாங்காது, அடிப்பாகம் வளையமாகக் கழன்று விழும். உடைசலில் அப்படி வளையம் வளையமாகப் பார்த்தால் காரணம் வெப்பம். கழுத்து சில்லு பெயர்ந்திருந்தால் ஏற்றி இறக்குவதில் கோளாறு. ஹீட்டர் பழுது அசாதாரண இழப்பு, பொருளின் அடக்கத்தில் சேரக் கூடாது. 70,000 ரூபாயை நேராக லாப நஷ்டக் கணக்குக்கு அனுப்பினோம்.

165 கிரேட்டையும் அப்படியே அனுப்பிவிடலாம் என்று முதலாளி கேட்டார். நான் ஒப்பவில்லை. டெபாசிட் இல்லாமல் கோடையில் சரக்கு தள்ளுவது வருடா வருடம் நடக்கிற வழக்கம். வழக்கத்தால் வரும் இழப்பு விற்கும் பாட்டிலின் செலவுதான். ஆக சாதாரண இழப்பு 42,000. 9,60,000ஐ வகுத்தால் 23 சுற்று. ஒரு நிரப்புக்கு 61 பைசா, உடைசல் விற்ற பணம் 3 பைசா கழித்து 58. இதுவரை போட்ட 35 பைசாவோடு பார்த்தால் 23 பைசா குறைவு. வருட விற்பனைக்கு 2.2 லட்சம் ரூபாய் லாபம் என்று நினைத்திருந்தது லாபமே இல்லை.

வருமான வரியில் இப்படி மறுபடி நிரப்பும் கண்ணாடி, பிளாஸ்டிக் கலன்களுக்கு 40% தேய்மானம் உண்டு. அதையே அடக்க விலையிலும் போடுங்கள் என்று பேங்கில் ஒரு அதிகாரி வற்புறுத்தினார். அப்படிப் போட்டால் புது பாட்டில் நிறைய வாங்கிய வருடம் அடக்கம் ஏறும், வாங்காத வருடம் இறங்கும், உடைசலுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. எண்ணிக்கைத் தாளையும் எடைச் சீட்டையும் சேர்த்துக் காட்டிய பிறகே விட்டார்.

கடைசியாக டெபாசிட்டின் தன்மை. ஜிஎஸ்டி சட்டப்படி டெபாசிட்டை விலையாக எடுத்துக்கொள்ளாதவரை அது சரக்குக்கான பணம் ஆகாது, வரி இல்லை. பாட்டில் வராது என்று முடிவு செய்து டெபாசிட்டை நாம் வைத்துக்கொண்டால் நிலைமை மாறும். வருமான வரியில் இன்னும் கவனம் வேண்டும். பஞ்சாப் டிஸ்டில்லிங் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 1959ல் உச்ச நீதிமன்றம், காலி பாட்டிலுக்காக டெபாசிட் என்ற பெயரில் வாங்கியதை வியாபார வரவாகவே எடுத்துக்கொண்டது. வாங்கியவர் பாட்டிலைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. எங்கள் டீலர் படிவத்திலும் அப்படி ஒரு நிபந்தனை இல்லை என்று ஆடிட்டர் சுட்டிக்காட்டினார். பாட்டிலும் கிரேட்டும் கம்பெனி சொத்து, டீலர் திருப்பித் தர வேண்டும் என்று புதுப் படிவம் அடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

கேட்டில் இப்போது பாட்டில் எண்ணித்தான் டெபாசிட் கழிகிறது. கிரேட் டெபாசிட்டை 60லிருந்து 150 ஆக்கச் சொல்லியிருக்கிறேன். போட்டிக் கம்பெனி ஏற்றாமல் நாம் மட்டும் ஏற்றினால் டீலர் போய்விடுவார் என்கிறது விற்பனைப் பிரிவு. முதலாளி இன்னும் முடிவு சொல்லவில்லை.