500 சைன் அலைகள் போட்ட படம் சொன்ன பொய்

சிக்னல்ஸ் பாடத்தில் ஃபூரியர் தொடர் வரும் வாரத்துக்கு என்னிடம் பழைய ஸ்லைடு ஒன்று இருந்தது. மேலே சதுர அலை, கீழே வரிசையாக ஐந்து படங்கள்: 1, 3, 5, 25, கடைசியாக 500 சைன் அலைகளைக் கூட்டினால் வருவது. பல வருடங்கள் அதை வைத்தேதான் பாடம் நடத்தினேன்.

முதல் சிக்கல் எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. நான் காட்டியதெல்லாம் கூட்டி முடித்த வடிவம் மட்டும். கூட்டுகிற ஒவ்வொரு அலையும் எங்கே ஏற்றி எங்கே இறக்குகிறது என்பது படத்தில் இல்லை, அதனால் மாணவர்களுக்கு அது ஒரு மாயம் மாதிரி இருந்தது. இப்போது மைனஸ் 1-க்கும் 1-க்கும் இடையே மாறும் சதுர அலையை எடுத்துக்கொண்டு, மேல் பாதியின் நட்டநடுவில், அதாவது கால் சுற்று முடியும் இடத்தில், ஒரு செங்குத்துக் கோடு போட்டுவிடுகிறேன். முதல் சைன் அலையின் உச்சம் அங்கே 1.27, நமக்கு வேண்டிய 1-ஐத் தாண்டிவிட்டது. அடுத்தது மூன்று மடங்கு வேகத்தில் ஓடும், மூன்றில் ஒரு பங்கு உயரமுள்ள அலை. அதற்கு அதே கோட்டில் பள்ளம், 0.42 இறக்குகிறது, கூட்டினால் 0.85. ஐந்து மடங்கு அலைக்கு அங்கே மறுபடி மேடு, 1.10. அடுத்தது 0.92. மேலே, கீழே, மேலே, கீழே என்று ஒவ்வொரு தடவையும் தவறு குறைந்துகொண்டே 1-ஐ நெருங்குவதைக் கோட்டின் மேல் புள்ளி வைத்துக் காட்டினால் போதும், சூத்திரத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

சரி, பெரிய சிக்கல் ஓரத்தில் இருந்தது. சதுர அலை குதிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டி ஒரு கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். மூன்று அலைகளில் அதன் உச்சி 1.188, ஐந்தில் 1.182, இருபத்தைந்தில் 1.179. அதற்கு மேல் எத்தனை சேர்த்தாலும் உச்சி 1.179-க்குக் கீழே போகாது, குதிப்பின் மொத்த உயரத்தில் கிட்டத்தட்ட 9 சதவீதம் மீறல். இதற்குப் பெயர் கிப்ஸ் நிகழ்வு. கிப்ஸ் 1899-இல் நேச்சர் இதழில் எழுதினார், ஆனால் வில்பிரஹாம் என்பவர் 1848-லேயே கண்டு எழுதியிருந்தார்.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு மாணவி எழுந்து, "சார், கொம்பு போகவே போகாதுன்னு சொல்றீங்க, கடைசிப் படத்துல இல்லையே?" என்று கேட்டார். திரும்பிப் பார்த்தேன். உண்மைதான், 500 அலைகள் போட்ட படத்தில் சதுரம் வெட்டி வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது, ஓரத்தில் ஒரு மேடும் இல்லை. அன்று பதில் சொல்ல முடியவில்லை, அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்றேன். அன்று மாலை படம் வரைந்த பழைய நிரலைத் திறந்தேன்:

```python
t = np.linspace(0, 1, 201)
y = 4/np.pi * sum(np.sin(2*np.pi*(2*k-1)*t)/(2*k-1)
                  for k in range(1, N+1))
```

தப்பு முதல் வரியில். ஒரு சுற்றை 200 துண்டாகத்தான் வெட்டியிருக்கிறேன். N அலைகளைக் கூட்டும்போது கொம்பின் உச்சி குதிப்பிலிருந்து, ஒரு சுற்றை 4N-ஆல் வகுத்த தூரத்தில் வரும். 25 அலைகளுக்கு அது சுற்றில் நூறில் ஒரு பங்கு, என் புள்ளிகளில் ஒன்று சரியாக அங்கே விழுகிறது, அதனால் அந்தப் படம் உண்மையைச் சொன்னது. 500 அலைகளுக்கோ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. என் முதல் புள்ளி குதிப்பிலேயே, மதிப்பு 0. அடுத்த புள்ளி வருவதற்குள் கொம்பும் அதைத் தொடர்ந்த சிற்றலைகள் பலவும் ஏறி இறங்கி முடிந்துவிட்டன, அங்கே மதிப்பு 0.98. கணினி இரண்டையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துவிட்டது. 201-ஐ 20001 ஆக்கியதும் கொம்பு அதே 1.179 உயரத்தில், ஊசி மாதிரி மெலிந்து வந்து நின்றது.

அடுத்த வகுப்பில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், கேள்வி கேட்டவர் யார் என்பதையும் சொல்லித்தான். அப்புறம் ஸ்லைடையும் மாற்றிவிட்டேன். இப்போது ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் குதிப்பின் ஓரத்தை மட்டும் பெரிதாக்கிய ஒரு சின்னப் படம் இருக்கிறது, அலைகள் எத்தனை மடங்கு கூடுகின்றனவோ அத்தனை மடங்கு பெரிதாக்கியது. 25-க்கும் 500-க்கும் அந்தச் சின்னப் படங்கள் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாமல் ஒன்றாக இருக்கும். உயரம் மாறவில்லை, அகலம்தான் சுருங்குகிறது, அகலம் சுருங்கச் சுருங்கக் கொம்புக்கு அடியில் உள்ள பரப்பு பூஜ்யத்தை நோக்கிப் போகிறது. கூட்டுத்தொகை சதுர அலையை நெருங்குகிறது என்று எந்த அர்த்தத்தில் சொல்கிறோம் என்பதை அந்த இடத்தில் நிறுத்திப் பேச இப்போது முழுசாக இருபது நிமிடம் ஒதுக்குகிறேன்.