படம் போன பிறகு சொற்களிலிருந்து எடுத்த அழுத்த அளவு

கம்ப்ரசரின் காற்றுத் தொட்டியில் இருந்த அழுத்தமானியைச் சரிபார்ப்புக்கு அனுப்புவதற்காகக் கழற்றும் முன், கடைசி அளவைப் பதிவேட்டில் எழுத வேண்டியிருந்தது. உடன் வேலை செய்பவர் கேஜையும் அதற்கு மேலே மாட்டியிருந்த சுவர்க் கடிகாரத்தையும் ஒரே படமாகத் தன் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே எனக்குத் தொலைபேசியில் விவரித்தார். அவர் சொன்னதைச் சொன்னபடியே ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். அன்று மாலையே கைப்பேசி பழுதாகிப் படம் போய்விட்டது. கேஜும் அனுப்பப்பட்டுவிட்டதால், கையில் மிஞ்சியது அந்தத் தாள் மட்டும்தான்.

தாளில் இருந்தவை இவை: வெளி அளவுகோல் கிலோ, 0 முதல் 10 வரை, முள் 4-ஐத் தாண்டி, 5-க்கு முன், மூன்றாவது சிறு கோட்டில், உள் அளவுகோல் பி.எஸ்.ஐ., அதில் 60-க்கும் 70-க்கும் நடுவே, பாதியைச் சற்றுத் தாண்டி. முள் ஏறக்குறைய நேராக மேல்நோக்கி, கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து.

முதலில் நான் 4.3 என்று எழுதப் போனேன். இரண்டு எண்களுக்கு இடையே பத்துப் பிரிவுகள் இருக்கும் என்று மனம் தானாகவே எடுத்துக்கொண்டதே காரணம். ஆனால் எத்தனை சிறு கோடுகள் இருந்தன என்று நான் கேட்கவே இல்லை. நண்பரைக் கேட்டபோது, "நாலு கோடு இருந்த மாதிரி ஞாபகம்" என்றார். உடனே நான்கில் மூன்று, அதாவது 4.75 என்று கணக்கிட்டேன். அதுவும் தவறு. இரண்டு எண்களுக்கு நடுவே நான்கு கோடுகள் இருந்தால் பிரிவுகள் ஐந்து. வேலி ஒன்றில் கம்பங்களை எண்ணுவதும் கம்பங்களுக்கு இடையிலான வெளிகளை எண்ணுவதும் ஒன்றல்ல. அப்படியானால் ஒரு பிரிவு 0.2, மூன்றாவது கோடு 4.6.

அவருடைய நினைவை மட்டும் நம்பி 4.6 என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. தீர்ப்புச் சொன்னது உள் அளவுகோல். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்பது ஏறத்தாழ 14.22 பி.எஸ்.ஐ. ஆகவே 4.3 என்றால் 61-ஐ ஒட்டி, அதாவது 60-க்குப் பக்கத்தில் முள் நின்றிருக்கும், 4.75 என்றால் 67-ஐத் தாண்டி, 70-க்கு நெருங்கியிருக்கும். 4.6 மட்டுமே 65.4 ஆகிறது, பாதியைச் சற்றுத் தாண்டி என்ற குறிப்புக்கு அதுவே பொருந்துகிறது. முள்ளின் சாய்வையும் ஒத்துப் பார்த்தேன். இவ்வகைக் கேஜில் முழு அளவுகோல் வழக்கமாக 270 பாகையில் விரிந்திருக்கும். 5 உச்சியில் வரும். 4.6 உச்சிக்கு இடப்புறம் சுமார் 11 பாகை, 4.3 சுமார் 19 பாகை. இரண்டையும் "கொஞ்சம் சாய்ந்து" என்றே யாரும் சொல்வார்கள் என்பதால் இந்தச் சோதனை எதையும் விலக்கவில்லை.

கடிகாரத்தைப் பற்றிய குறிப்பு ஒரே வரி: "சின்ன முள் 4-இல், பெரிய முள் 10-இல்." அவசரத்தில் 4.50 என்று படிக்கத் தோன்றும். பெரிய முள் 10-இல் இருந்தால் ஐம்பது நிமிடம்; ஆனால் நேரம் 4.50 என்றால் சின்ன முள் 5-ஐக் கிட்டியிருக்க வேண்டும். அது நிமிடத்துக்கு அரைப் பாகை நகர்வதால், 3.50-இல் 4-க்கு ஐந்து பாகை மட்டுமே பின்னால் நிற்கும்; சொல்பவரின் கண்ணுக்கு அது 4-இல் இருப்பதாகவே படும். எனவே நேரம் 3.50.

மீதமிருந்தது பார்வைக் கோணம். வால்வுக் குழாய் குறுக்கே இருந்ததால் வலப்பக்கம் நின்று படம் எடுத்ததாக அவர் சொன்னார். முள் முகப்பிலிருந்து சற்று உயர்ந்து நிற்பதால், வலமிருந்து பார்க்கையில் அது இடப்பக்கம் விலகித் தெரியும். உச்சியை ஒட்டிய இடத்தில் அதனால் அளவு குறைந்தே காட்டும். எவ்வளவு விலகியது என்று சொற்களிலிருந்து கணிக்க வழியில்லை. ஆகவே எண்ணைத் திருத்தாமல், "4.6, கூடக்குறைய 0.1, உண்மை அளவு மேற்புறமாக இருக்கலாம், நேரம் 3.50, வாய்மொழிக் குறிப்பிலிருந்து கணித்தது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

கேஜ் திரும்பி வந்ததும் நான் முதலில் செய்தது 4-க்கும் 5-க்கும் இடையே கோடுகளை எண்ணியதுதான். நான்கு இருந்தன.