வலி நின்ற பிறகும் உள்ளே இருந்த கல்

"வலி நின்றுவிட்டதல்லவா? அப்படியென்றால் கல் வெளியேறியிருக்கும்." இந்தச் சொல்லோடு என்னை வீட்டுக்கு அனுப்பினார்களே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. கல் வெளியேறவில்லை. வலி இல்லாமலேயே அந்தச் சிறுநீரகக் கல், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இலை எடை போடுகிறவள் நான். என்னுடன் வேலை செய்யும் பெண்களில் பலருக்கு இதே தொல்லை உண்டு என்பதால்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதல் வலி நள்ளிரவில் வந்தது. வலது பக்கம், கடைசி விலா எலும்புக்குக் கீழே முதுகில் பிடித்து, வயிற்றைச் சுற்றிக்கொண்டு தொடை இடுக்கு வரை இறங்கியது. அலை போல ஏறி, உச்சத்தில் கொஞ்ச நேரம் நின்று, இறங்கி, மறுபடி ஏறியது. படுத்தாலும் வலி, உட்கார்ந்தாலும் வலி, நின்றாலும் வலி. வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். இடையில் வாந்தி. விடிவதற்குள் ஒரு மருத்துவமனைக்குப் போய், டைக்ளோஃபெனாக் ஊசி போட்டதும் அரை மணி நேரத்தில் அடங்கியது. பணியில் இருந்த மருத்துவர், நான் ஓரிடத்தில் இருக்க முடியாமல் தவித்ததைப் பார்த்தே கல் என்று சந்தேகப்பட்டார். குடல்வால் அழற்சி வந்தவர் அசையாமல் சுருண்டு படுத்திருப்பார், கல் வந்தவரால் படுக்கவே முடியாது என்றார். அவர் சரியாகத்தான் கண்டுபிடித்தார்.

கோளாறு அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் தொடங்கியது. சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும் என்று யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. போய் உட்கார்ந்த பிறகு சொன்னார்கள். தண்ணீர் குடித்துக் காத்திருந்தேன். பை நிரம்புவதற்குள் ஸ்கேன் எடுப்பவர் கிளம்பும் நேரம் வந்துவிட்டது. அவசரமாக எடுத்துக் கொடுத்த தாளில் 'வலது சிறுநீரகத்தில் லேசான வீக்கம், கல் எதுவும் தென்படவில்லை' என்று இருந்தது. இதைப் பார்த்துத்தான் கல் போய்விட்டது என்று முடிவு செய்தார்கள்.

அந்தத் தாளை எப்படிப் படிக்க வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வயிற்று ஸ்கேன் சிறுநீரகத்தை நன்றாகக் காட்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் குழாயின் கீழ் முனையையும் காட்டும். இடையில் இருக்கும் நீளமான பகுதி குடலுக்கும் அதிலுள்ள காற்றுக்கும் பின்னால் மறைந்துவிடும். என் விஷயத்தில் பையும் நிறையவில்லை. ஆகவே 'கல் தென்படவில்லை' என்ற வரியைவிட 'லேசான வீக்கம்' என்ற வரிதான் முக்கியம். சிறுநீர் இறங்க வழியில்லாமல் தேங்கினால் சிறுநீரகம் வீங்கும். ஒரு பக்கம் வீக்கமும் அதே பக்கம் வலியும் இருந்தால், கல் எங்கோ வழியில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மேலும் தேட வேண்டும்.

வலி ஏன் நின்றது? கல் குத்துவதால் மட்டும் அந்த வலி வருவதில்லை. தேங்கிய சிறுநீர் குழாயையும் சிறுநீரகத்தையும் விரித்து இழுப்பதுதான் பெரும் காரணம். கல்லின் ஓரமாகக் கொஞ்சம் சிறுநீர் வடிய வழி கிடைத்தாலும் அழுத்தம் குறையும். அடைப்பு நீடித்தால் அந்தச் சிறுநீரகம் தன் வேலையையே குறைத்துக்கொள்ளும், அப்போதும் வலி குறையும். வலியில்லாத அடைப்பை வாரக்கணக்கில் அப்படியே விட்டால் சிறுநீரகம் நிரந்தரமாகப் பழுதாகலாம்.

சில நாள் நிம்மதிக்குப் பிறகு நீர்க்கடுப்பு தொடங்கியது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை போக வேண்டும் போல இருக்கும். போனால் நாலு சொட்டு. பெண்ணுக்கு நீர்க்கடுப்பு என்றால் கிருமித் தொற்று என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கிருமிக்கு மாத்திரை கொடுத்தார்கள். முடித்ததும் இன்னொரு வகை மாத்திரை. இரண்டிலும் ஒரு பயனும் இல்லை. பக்கத்து ஊரில் செவிலியராக இருக்கும் பெண்தான் என் சிறுநீர்ப் பரிசோதனைத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதில் சிவப்பணு நிறைய இருக்கிறது, சீழ் அணு கிட்டத்தட்ட இல்லை, கிருமியும் வளரவில்லை. இது தொற்று மாதிரி தெரியவில்லை, கல் கீழே இறங்கிவிட்டது போல" என்றாள். கல் குழாயின் கடைசிப் பகுதிக்கு, அதாவது சிறுநீர்ப்பைக்குள் நுழையும் குறுகலான வாய்க்கு வந்துவிட்டால் பையே உறுத்தப்படுகிறது. முதுகு வலி குறைந்து நீர்க்கடுப்பு கூடுவது கல் இறங்கியதன் அடையாளம். முதுகு வலியைத் தொடர்ந்து வரும் நீர்க்கடுப்பைத் தனி நோய் என்று நினைக்காதீர்கள்.

மேட்டுப்பாளையம் இறங்கி, கோவையில் சி.டி. ஸ்கேன் எடுத்தேன். இதற்கு ஊசி மருந்து எதுவும் செலுத்த வேண்டியதில்லை. சில நிமிடத்தில் முடிந்தது. 7 மில்லிமீட்டர் கல், சரியாக அந்தக் கடைசி வாயில்.

இங்கே ஒரு வீண் அலைச்சல். ஸ்கேன் மையத்தில் எழுத்து அறிக்கையை மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் சிறுநீரகவியல் மருத்துவர் படத்தைத்தான் கேட்டார். கல் எங்கே இருக்கிறது, எவ்வளவு கடினம் என்பதைத் தானே பார்க்க வேண்டும் என்றார். மையத்துக்குத் திரும்பினால் கவுண்டரில் இருந்தவர், "ரிப்போர்ட் கொடுத்தாகிவிட்டதே, படம் எதற்கு?" என்று கேட்டார். பிறகு குறுந்தகடு போடும் இயந்திரம் பழுது, நாளை வாருங்கள் என்றார். கவுண்டரில் இருப்பவருக்கு நாளை என்பது ஒரு சொல். எனக்கு அது குஞ்சப்பனை வழியாக மறுபடி ஒரு மலையேற்றம், மலையிறக்கம், ஒரு நாள் கூலி. பணம் கட்டும்போதே படத்தையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். கையில் வராமல் நகராதீர்கள்.

மருத்துவர் தெளிவாகப் பேசினார். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்களில் பெரும்பாலானவை தாமாகவே வெளியேறும். 5 முதல் 10 வரை என்றால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. என்னுடையது ஏற்கெனவே கடைசி வாய்க்கு வந்துவிட்டதால் காத்திருந்து பார்க்கலாம் என்று, குழாயைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரையை இரவில் போடச் சொன்னார். ஆனால் எல்லை வைத்தார்: முதல் வலியிலிருந்து கணக்கிட்டு நான்கு முதல் ஆறு வாரம், அதற்கு மேல் இல்லை. நடுவில் காய்ச்சலோ குளிரோ வந்தால் விடியும் வரைகூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. வலியைத் தாங்குவது வேறு, காய்ச்சலைத் தாங்குவது வேறு என்று இரண்டு முறை சொன்னார். சிறுநீரை டீ வடிகட்டியில் வடிகட்டச் சொன்னார். கல் வந்ததா என்பதற்கு அதுதான் சாட்சி.

வடிகட்டியில் எதுவும் விழவில்லை. கெடு முடிந்து எடுத்த ஸ்கேனில், இந்த முறை பை நிறைய நீரோடு போனேன், கல் அதே இடத்தில் தெளிவாகத் தெரிந்தது. வீக்கமும் குறையவில்லை. முதுகுத்தண்டில் ஊசி போட்டு, சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய உள்நோக்கிக் குழாயைச் செலுத்தி, லேசரால் உடைத்து எடுத்தார்கள். வெட்டும் இல்லை, தையலும் இல்லை. மறுநாள் வீடு.

இதில் யாரும் என்னைத் தயார்ப்படுத்தாத பகுதி ஸ்டென்ட். குழாய் வீங்கி மறுபடி அடைத்துக்கொள்ளாமல் இருக்க, சிறுநீரகத்திலிருந்து பை வரை ஒரு மெல்லிய நெகிழ்குழாயை உள்ளே வைத்து அனுப்புகிறார்கள். அது இருக்கும் வரை நீர்க்கடுப்பு, சிறுநீர் கழிக்கும்போது முதுகில் சுருக்கென்று வலி, கொஞ்சம் அதிகம் நடந்தால் சிறுநீர் இளஞ்சிவப்பாக வருவது எல்லாம் இருக்கும். அறுவை தோற்றுவிட்டது என்று பயந்து அழுதேன். இவை ஸ்டென்ட்டோடு வருபவை, எடுத்ததும் போய்விடும். காய்ச்சல், கட்டி கட்டியாக ரத்தம், சிறுநீரே வராமல் போவது ஆகியவைதான் ஓட வேண்டிய அறிகுறிகள்.

வீட்டுக்கு அனுப்பும் தாளில் ஸ்டென்ட் வைத்தது பற்றி ஒரு வரி இருந்தது. எப்போது எடுக்க வேண்டும் என்று இல்லை. கவுண்டரில் "போனில் சொல்வோம்" என்றார்கள். எங்கள் தோட்டத்தில் பாதி இடத்தில் போனே எடுக்காது. தேதி எழுதாமல் போகமாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்கள். இதை என் வெற்றியாகவே நினைக்கிறேன், ஏனென்றால் மறந்து விடப்பட்ட ஸ்டென்ட் மீதே மாதங்களில் கல் படிந்துவிடும். அதை எடுக்கத் தனி அறுவை தேவைப்படும். குறித்த நாளில், மரத்துப்போகும் ஜெல் தடவி, சில நிமிடத்தில் எடுத்துவிட்டார்கள்.

இனித் தண்ணீர். வலி உச்சத்தில் இருந்தபோது அக்கம்பக்கத்தார் சொம்பு சொம்பாகக் குடிக்கவைத்தார்கள், கல்லை அடித்துத் தள்ளிவிடுமாம். அடைபட்ட குழாய்க்கு மேலே நீரை ஏற்றினால் அழுத்தமும் வாந்தியும்தான் கூடும். தாகத்துக்கு மட்டும் குடித்தால் போதும். வாழைத்தண்டுச் சாறும் உள்ளே சிக்கிய கல்லைக் கரைக்காது. நிறையத் தண்ணீர் என்பது அடுத்த கல் வராமல் இருக்க. குடித்த அளவை எண்ணுவதைவிட, வெளியே போகும் சிறுநீர் நாளுக்கு இரண்டரை லிட்டர் வருகிறதா என்று பார்க்கச் சொன்னார் மருத்துவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவுக் குவளையில் பிடித்துப் பார்த்தேன், அதில் பாதிகூட இல்லை. மலைக்குளிரில் தாகம் எடுக்காது. அதைவிட, தேயிலைக் காட்டில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லாததால் வேலை முடியும் வரை நாங்கள் குடிப்பதே இல்லை. எடைக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறை கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். அது வரும் வரை காலையில் கிளம்புவதற்கு முன்பும், மாலை திரும்பியதும், படுக்கும் முன்பும் கூடுதலாகக் குடிக்கிறேன்.

கல்லைப் பரிசோதனைக்கு அனுப்பக் கேட்டோம், கால்சியம் ஆக்சலேட். கால்சியம் என்றதும் வீட்டில் பாலை நிறுத்தினார்கள். மருத்துவர் தடுத்தார். உணவிலுள்ள கால்சியம், உணவோடு வரும் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றிவிடும், அதனால் பாலும் தயிரும் வேண்டும், டீயிலும் பால் இருக்கட்டும் என்றார். குறைக்க வேண்டியது உப்பு. ஒரு நாளுக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி, ஊறுகாய், கருவாடு கணக்கும் அதற்குள்தான். கடைசி ஸ்கேனில் வீக்கம் வடிந்திருந்தது. ஆறு மாதம் கழித்து இன்னொன்று எடுக்க வேண்டுமாம். அந்தத் தேதியையும் தாளில் எழுதி வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.